கிழிந்த மூலையில் நான் வைத்த கை

கேள்வி: அப்பப்பாவின் பழைய படத்தில் இரண்டு மூலைகளைக் கறையான் தின்றுவிட்டது. முழுவதுமாக நிரப்பித் தருவார்களா? அப்படி நிரப்புவது சரியா?

கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், மூலப்படத்தையே கொண்டுபோவீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு அக்கா தன் பெற்றோரின் கல்யாணப்படத்தைக் கொண்டுவந்தார். 1995 போர் இடப்பெயர்வில் சாவகச்சேரி வரை போய்த் திரும்பிய படம். மேல் இடது மூலையும் கீழ் வலது மூலையும் இல்லை.

மேல் மூலை திரைச்சீலைதான். 1200 டிபிஐயில் ஸ்கான் செய்து, தனி லேயரில் வேலை செய்தேன். மறுபக்கத்து மடிப்புகளை நான்கைந்து இடங்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்தேன். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் அதே கறை இரண்டு முறை தெரியும். படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். நிரப்பிய இடம் பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருக்கும் என்பதால், பழைய தாளின் துகள்தன்மைக்கு ஈடாகக் கொஞ்சம் 'நொய்ஸ்' சேர்க்க வேண்டும். இதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. சீலை எப்படித் தொங்கியது என்பதற்குப் படத்திலேயே சாட்சி இருக்கிறது.

கீழ் மூலையில்தான் பிழை விட்டேன். மாப்பிள்ளையின் இடது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. வலக்கையைப் பிரதி எடுத்துத் திருப்பி வைத்தேன். அப்படித் திருப்பினால் வெளிச்சம் தவறான பக்கத்திலிருந்து விழும். அதையும் நிழலை மாற்றிச் சரிசெய்தேன். பெருமையாகவே இருந்தது.

அக்காவின் தாயார், எண்பது தாண்டியவர், படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "தம்பி, இது யாருடைய கை?" என்றார். சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்ததில் தன் கணவருக்கு இடக்கை விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டனவாம். படம் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொள்வாராம். அந்த மனிதர் ஆயுள் முழுவதும் காட்டாத கையை நான் நன்றாக விரித்து வைத்திருக்கிறேன்.

"வாடிக்கையாளர் கேட்டால் செய்யத்தானே வேண்டும்?" என்று சிலர் வருவீர்கள். செய்யுங்கள், ஆனால் அதைத் திருத்தம் என்று சொல்லாதீர்கள், ஓவியம் என்று சொல்லுங்கள். முகம், கை, நகை ஆகியவற்றை அதே ஆளின் வேறு படம் இல்லாமல் நான் இப்போது தொடுவதில்லை. திருத்தாத ஸ்கானையும் சேர்த்தே கொடுக்கிறேன். எந்த மூலை நிரப்பியது என்று புதிய பிரதியின் பின்புறம் பென்சிலால் எழுதிவிடுகிறேன். இத்தனைக்கும் கல்யாண வீட்டில் ட்ரோன் பறக்கவிட லட்சக்கணக்கில் கொடுப்பவர்கள், இந்த வேலைக்கு இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்பார்கள். அது வேறு கதை.

அந்தப் படத்தில் கையை எடுத்துவிட்டு, மூலையைத் தாளின் மங்கிய சாம்பல் நிறத்திலேயே விட்டேன். அக்காவுக்குத் திருப்தியில்லை, வெறுமையாகத் தெரிகிறது என்றார். தாயார்தான், "கிடக்கட்டும், சட்டம் போடு" என்றார்.