போய்ட்டு வரேன்

அன்புள்ள ஐயா,

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. மூன்று மாதம் முன்பு பள்ளி ஆண்டு விழாவில் நன்றியுரை சொன்னேன். புதிய தலைமையாசிரியர் மேடையில் உட்கார்ந்திருக்க, மாற்றலாகிப் போனவரின் பெயரைச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் மொத்தமும் சிரித்துவிட்டார்கள். பகலில் இது நினைவுக்கே வருவதில்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும் வந்துவிடுகிறது. நினைக்கக் கூடாது என்று எவ்வளவு முயன்றாலும் ஒரு மணி, இரண்டு மணி வரை ஓடுகிறது. அவரிடம் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டால் நின்றுவிடுமா? தோழி ஒரு தியானச் செயலியைச் சொல்கிறாள், அதைப் போடலாமா?

எஸ்., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

செயலியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ‘இன்னொரு முறை’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஏற்கெனவே கேட்டாயிற்று, அவரும் சரி என்றிருப்பார். மறுபடியும் போய் நின்றால் அது அவருக்காக அல்ல, உங்கள் தூக்கத்துக்காக. அந்த மனிதருக்கு வேறு வேலை இல்லையா? போகாதீர்கள்.

பகலில் வராததில் அதிசயம் இல்லை. வகுப்பு, விடைத்தாள், சமையல், போன் என்று மனத்துக்கு ஏதோ ஒரு தீனி கிடைத்துக்கொண்டே இருக்கிறது. கையில் வேலை இல்லாத முதல் நிமிடமே உங்களுக்கு விளக்கணைத்த பிறகுதான் வாய்க்கிறது. வேலையற்ற மனம் தன்னைப் பற்றித்தான் நினைக்கும். நினைக்காதே என்று அதை அதட்டினால் என்ன ஆகும் என்று நம் பாட்டிகளுக்கே தெரியும்: மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்றால் குரங்குதான் வரும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். ஐந்து நிமிடம் கரடியை நினைக்காமல் இருக்க முயன்றவர்களிடம், பிறகு தாராளமாக நினைக்கலாம் என்றபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிடக் கூடுதலாகக் கரடி வந்தது. மூன்று மாதமாக நீங்கள் செய்வது இதைத்தான்.

உங்கள் கடிதம் வந்தபோது நானே இதில்தான் கிடந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயதில் எங்கள் தமிழ் ஆசிரியர் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து, அவர் மனைவியைப் பார்த்துக் கணீரென்று “போய்ட்டு வரேன்மா” என்றேன். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரோ ‘ச்சு’ என்றார்கள். முப்பது வருஷமாக அந்தக் காட்சி ராத்திரியில் வருகிறது. பந்தலின் மேலே இருந்து பார்ப்பதுபோல வரும். நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஒரு மடையன் கைகூப்பி நிற்கிறான், சுற்றிலும் தலைகள் திரும்புகின்றன.

போன மாதம் இதை என் மனைவியிடம் சொன்னபோது, “எந்தச் சட்டை? எங்கப்பா தலைதீபாவளிக்கு எடுத்ததா?” என்றாள். அதேதான். எனக்குக் கல்யாணம் ஆனது இருபத்தெட்டு வயதில்! நான்கு வருஷம் கழித்து வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தத் துக்க வீட்டில் நின்றிருக்கிறேன்.

இதை நீங்கள் கொஞ்சம் பொறுமையாக யோசிக்க வேண்டும். உங்கள் ராத்திரிக் காட்சியில் உங்கள் முகம் தெரிகிறதா? மேடையில் நீங்கள் நிற்பது தெரிகிறதா? தெரிந்தால், அதை எங்கே நின்று பார்த்தீர்கள்? உங்கள் முகத்தை நீங்கள் அன்று பார்க்கவே இல்லை. பார்த்தது ஒலிவாங்கியை, கையிலிருந்த தாளை, முன்வரிசைப் பிள்ளைகளை. நைக்ரோ, நைசர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983இலேயே எழுதினார்கள்: உணர்ச்சியும் தன்னுணர்வும் கூடிய நிகழ்ச்சிகள் வெளியிலிருந்து பார்ப்பதுபோல நினைவுக்கு வருவது அதிகம். கூட்டத்தைக் கண்டாலே நடுங்குகிறவர்களிடமும் இது கூடுதலாக இருப்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். அந்தப் படத்தை எடுத்தது கேமரா இல்லை, உங்கள் வெட்கம். மற்றவர்களுக்கு நாம் எப்படித் தெரிந்திருப்போம் என்ற பயத்தை வைத்து மனம் வரைந்தது அது. பிள்ளைகள் சிரித்தது உண்மை, அதை மறுக்கவில்லை. உங்கள் முகம் அப்படிக் கோணிக்கொண்டது என்பதற்குத்தான் சாட்சியே இல்லை.

அதனால் ஒரு நாள் பகலில், பகலில் மட்டும், பத்து நிமிடம் உட்கார்ந்து அன்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ‘எல்லோரும் என்ன நினைத்திருப்பார்கள்’ என்று ஒரு வரி வந்தால் அடித்துவிடுங்கள், அது உங்கள் கண் பார்த்தது அல்ல. முதல் தடவை வெட்கம் கூடத்தான் செய்யும், அப்புறம் இறங்கும். நான் எழுதியபோது, முப்பது வருஷமாக வராத ஒன்று வந்தது. அந்த அம்மா தலையை லேசாக ஆட்டினார். அவ்வளவுதான். அவரைப் பார்த்து ஒன்று சொல்லியிருக்கிறேன், இத்தனை வருஷமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தத் தலையாட்டலும் நிஜமா, நான் இட்டுக்கட்டியதா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ராத்திரிக்கு வேறு வழி. 2019இல் ஆம்ஸ்டர்டாமின் நரம்பியல் ஆய்வு நிறுவனத்தில் ஒரு குரூரமான வேலை செய்தார்கள். தங்கள் குரல் தங்களுக்கே கேட்காதபடி ஆட்களைப் பாடவைத்து, பிறகு அந்தச் சுருதி தப்பிய பாட்டை அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். நன்றாகத் தூங்கியவர்களிடம், மறுபடி கேட்டபோது மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளுக்குத் துடிக்கும் அமிக்டலா என்ற பகுதி அடங்கியிருந்தது. கனவு வரும் தூக்கம் துண்டு துண்டாகக் கலைந்தவர்களிடம் அப்படி அடங்கவில்லை. வெட்கத்தை ஆற்றுவதே தூக்கம்தான். அதை விட்டுவிட்டு வெட்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு கிடக்கிறோம்.

கனடாவில் லூக் போதுவன் என்பவர் சொன்ன வழியைத் தமிழுக்கு மாற்றிச் செய்கிறேன். உணர்ச்சி ஒட்டாத ஒரு சொல்லை எடுங்கள். ‘மாவடு’ என்று வையுங்கள். மா: மாட்டுவண்டி. வண்டியை நன்றாகக் கண்ணில் கொண்டுவாருங்கள், ஐந்தாறு விநாடி போதும். அடுத்து மாடிப்படி. மாத்திரை. மாவு சலிக்கும் சல்லடை. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. தொடர்பு வந்தால் கதையாகிவிடும், கதை வந்தால் நன்றியுரை வந்துவிடும். மா தீர்ந்தால் வ: வலை, வடம், வயல். கரடியை விரட்டாமல், அது உட்காரும் இடத்தில் வேறு ஆளை உட்கார வைக்கிறோம். தூக்கம் வரும் நேரத்தில் மனம் தானே இப்படித் துண்டு துண்டாகப் படம் காட்டும், அதை நாம் கொஞ்சம் முன்னதாகத் தொடங்கிவைக்கிறோம். நடுவில் மேடை வந்தால் வரட்டும், விட்ட இடத்திலிருந்து மறுபடி வலை, வடம். ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனதாகத் தோன்றியும் பலிக்காவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கியதும் திரும்புங்கள். கடிகாரம் பார்க்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், அல்லது அடுத்த ஆண்டு விழாவுக்கு விடுப்புப் போடலாமா என்று தோன்றத் தொடங்கினால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அது என் கையில் இல்லை.

இன்னொன்று. ‘மாவடு’வில் டு வரும்போது விட்டுவிடுங்கள். தமிழ்ச் சொல் டகரத்தில் தொடங்காது. நான் முதல் நாள் இலக்கண விதிக்கு விலக்கு தேடித் தேடி மூன்று மணி வரை விழித்திருந்தேன்.