300 பிளானில் 94 வருவதும் 45 வருவதும் ஒரே கோளாறு அல்ல

கேள்வி: 300 Mbps ஃபைபர் பிளான் போட்டிருக்கிறேன். லேப்டாப்பில் கேபிள் மாட்டிப் பார்த்தால் 94-க்கு மேல் ஏறவே இல்லை. படுக்கையறையில் போனில் 45 தான். ஃபைல் டவுன்லோடு செய்தால் 11 MB/s காட்டுகிறது. கம்பெனி ஏமாற்றுகிறதா? உண்மையில் எவ்வளவு வர வேண்டும்?

பதில்:

நீங்கள் கொடுத்த மூன்று எண்களிலேயே முக்கால்வாசி விடை இருக்கிறது. கம்பெனியைக் குறை சொல்ல இதில் இதுவரை ஆதாரம் இல்லை. 94-க்குக் காரணம் உங்கள் கேபிளோ போர்ட்டோ, 45-க்குக் காரணம் வைஃபை. அந்த 11 தனிக் கோளாறே இல்லை, அது 94-தான்: பிளானும் ஸ்பீடு டெஸ்டும் மெகாபிட்டில் பேசுகின்றன, டவுன்லோடு பெட்டி மெகாபைட்டில் காட்டுகிறது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 94-ஐ எட்டால் வகுத்தால் 11.75. ஆக, முழு 300 வந்தாலும் டவுன்லோடு பெட்டியில் 37.5-ஐத் தாண்டாது.

முதலில் 94-ஐப் பார்ப்போம். 90, 91 என்று ஏறி இறங்காமல் எப்போது பார்த்தாலும் 93-க்கும் 95-க்கும் நடுவில் நின்றால், எங்கோ ஓர் இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நெரிசலால் குறையும் வேகம் இப்படி ஒரே இடத்தில் நிற்காது.

100 ஏன் 94 ஆகிறது? தரவு பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. கேபிளில் ஒரு முழுப் பொட்டலம் எடுத்துக்கொள்ளும் இடம் 1538 பைட். அதில் முகவரிகள், பிழை சரிபார்ப்பு, இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி எல்லாம் போக உங்கள் ஃபைலுக்கு மிஞ்சுவது பொதுவாக 1448 பைட். வகுத்துப் பாருங்கள், 94 சதவீதம். ஸ்பீடு டெஸ்ட் அளப்பது இந்த மிச்சத்தைத்தான். ஜிகாபிட் போர்ட்டில் 1000-க்குப் பதில் 940 அளவில் நின்றுவிடுவதும் இதே கணக்கால்தான். இதை யாரும் திருடவில்லை, எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் இந்த ஆறு சதவீதம் போகும்.

அடுத்து, அந்த 100 எங்கே பூட்டிக்கொண்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து இதை அடியுங்கள்:

```
Get-NetAdapter | Select-Object Name, LinkSpeed
```

கேபிள் இணைப்புக்கு நேராக `1 Gbps` என்று இருந்தால் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவில் குறையில்லை. `100 Mbps` என்று இருந்தால் ஆள் அங்கேயே அகப்பட்டுவிட்டார். லினக்ஸில் இதற்கு `ethtool eth0` போதும். `eth0` இருக்கும் இடத்தில் உங்கள் போர்ட்டின் பெயரைப் போடுங்கள்.

100 என்று காட்டினால் முதல் சந்தேகம் கேபிள் மேல் விழ வேண்டும். நெட்வொர்க் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் மட்டும் போதும். ஜிகாபிட்டுக்கு நீலமும் பிரவுனும் சேர்த்து நான்கும் வேண்டும். நீலக் கம்பி ஒன்று உள்ளே அறுந்திருந்தாலோ, கனெக்டர் கிரிம்ப் செய்தபோது பிரவுன் கம்பி முனை வரை போகாமல் நின்றிருந்தாலோ, ரூட்டரும் லேப்டாப்பும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். நெட் வேலை செய்துகொண்டே இருப்பதால் வருடக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. சுவருக்குள் இழுத்த கேபிளைச் சந்தேகிப்பதற்கு முன், கேட்-5இ அல்லது கேட்-6 என்று அச்சிட்ட சின்னக் கேபிள் ஒன்றை ரூட்டர் பக்கத்திலேயே மாட்டிப் பாருங்கள். உடனே 1 Gbps ஆனால் விஷயம் முடிந்தது.

கேபிள் மாற்றியும் 100 என்றால் போர்ட்டைப் பாருங்கள். ஃபைபர் வந்து சேரும் பெட்டிகளில் சில மாடல்களுக்கு ஒரே ஒரு போர்ட் தான் ஜிகாபிட், மற்றவை 100. பெட்டியின் பின்புறத்திலோ மாடலின் விவரப் பக்கத்திலோ GE, FE என்று குறித்திருப்பார்கள். GE ஜிகாபிட், FE 100. இணைப்புக் கொடுக்க வந்தவர் FE-யில் செருகிவிட்டுப் போயிருந்தால் கேபிளை இடம் மாற்றுவதோடு சரி. உங்கள் சொந்த ரூட்டர் தனியாக இருந்தால் பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவில் ஓடும் கேபிளும் இதே சந்தேகத்துக்கு உரியது. அங்கே 100 என்றால் லேப்டாப் 1 Gbps காட்டிக்கொண்டே 94-ல் நிற்கும். பழைய யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர்களும் பல 100 தான்.

இது சரியான பிறகு கேபிளில் 280 முதல் 300 வரை வர வேண்டும். மேலே சொன்ன கழிவை ஈடுகட்ட கம்பெனி கொஞ்சம் கூட்டி வைத்திருந்தால் 300-ஐத் தாண்டியும் போகலாம். ஆட்கள் நெட்டை விட்டுப் படுத்த பிறகும் 270-க்குக் கீழே இருந்தால்தான் நான் யோசிக்கவே ஆரம்பிப்பேன்.

இனி போனில் வரும் 45. வைஃபையில் இரண்டு வேகம் உண்டு, பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை விவரத்தில் தெரியும் வேகம், ரேடியோ இரண்டும் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட இணைப்பு வேகம். கையில் கிடைப்பது அதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், ரூட்டர் அனுப்பும்போது போன் கேட்க வேண்டும், வந்து சேர்ந்ததற்கு ஒப்புதல் சொல்ல வேண்டும், அதே சேனலில் இருக்கும் பக்கத்து வீட்டு ரூட்டர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கவும் வேண்டும். இந்தக் காத்திருப்பிலேயே பாதி நேரம் கரைந்துவிடும்.

2.4 கிகாஹெர்ட்ஸில், வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், வைஃபை 4 போனுக்கு ஒரு ஆன்டெனாவானால் இணைப்பு வேகமே 72 மெகாபிட். இரண்டானால் 144. அந்த 72-ல் அறுபது சதவீதம் போட்டால் 43. உங்கள் 45 எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். போன் 2.4-ல் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் 300 பிளானும் ஒன்றுதான், 1000 பிளானும் ஒன்றுதான். வேகம் போதவில்லை என்று பெரிய பிளானுக்கு மாறிப் பணத்தைத் தொலைப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் என்பது என் எண்ணம்.

5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம், இரண்டு ஆன்டெனா, வைஃபை 5 என்றால் இணைப்பு வேகம் 866. பக்கத்தில் நின்றால் கையில் 500-க்கு மேல் வரும், அதனால் உங்கள் 300 முழுசாகவே கிடைக்கும். செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டினால் 150 முதல் 250 வரை எதிர்பார்க்கலாம். இரண்டு சுவர் அல்லது ஒரு கான்கிரீட் தளம் தாண்டினால் 100 வந்தாலே நல்லது. சுவர் எதனால் கட்டியது என்பதைப் பொறுத்து இந்த எண்கள் நிறையவே மாறும்.

ரூட்டரில் 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் பல நேரம் 2.4-ஐயே பிடித்துக்கொண்டு விடாது. 5-க்குத் தனிப் பெயர் கொடுத்துப் போனை அதில் சேருங்கள், அகலம் 80-ல் இருக்கிறதா என்றும் பாருங்கள். படுக்கையறைக்கு 5 எட்டவில்லை என்றால் மலிவான ரிப்பீட்டர் வாங்கி ஏமாறாதீர்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் வகை வேகத்தைப் பாதியாக்கிவிடும். கேபிள் இழுத்து அங்கே ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வைப்பதே சரியான தீர்வு.

வைஃபையை மட்டும் தனியாக அளக்க வேண்டுமென்றால் இன்டர்நெட்டை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடலாம். iperf3 என்ற வேகம் அளக்கும் நிரலை இரண்டு கம்ப்யூட்டரிலும் நிறுவிக்கொள்ளுங்கள். கேபிளில் இருக்கும் கம்ப்யூட்டரில் முதல் வரி, வைஃபையில் இருக்கும் லேப்டாப்பில் இரண்டாவது வரி. முகவரியில் முதல் கம்ப்யூட்டரின் ஐபி எண்ணைப் போடுங்கள்:

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.10 -R
```

இதில் 45 வந்தால் குறை வீட்டுக்குள். 250 வந்து ஸ்பீடு டெஸ்டில் மட்டும் 45 வந்தால் குறை வெளியே.

வெளியே குறைகிற இடமும் உண்டு. ஜிபான் வகை ஃபைபரில் ஒரே இழையை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். அந்த இழையில் கீழே வரும் மொத்த வேகம் 2488 மெகாபிட். 32 வீடும் 300 பிளான் எடுத்தால் விற்றது 9600, அதாவது கையில் இருப்பதைப் போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்பதால் இது பெரும்பாலும் ஓடிவிடும். வீடியோ பார்க்கும் ஒரு வீட்டுக்கு 5 முதல் 25 மெகாபிட் போதும். ஆனால் அதற்கு மேலே கம்பெனி வாங்கி வைத்திருக்கும் பாதை சிறியதாக இருந்தால் இரவு எட்டு முதல் பதினொன்று வரை இறங்கும். விளம்பரத்தில் ‘300 வரை’ என்று எழுதுவது இதற்காகத்தான். இரவில் 200-க்கு மேல் இருந்தால் நான் புகார் செய்ய மாட்டேன். தினமும் 100-க்குக் கீழே போனால் செய்வேன்.

ஸ்பீடு டெஸ்டில் 290, ஆனால் ஒரு குறிப்பிட்ட தளத்திலிருந்து மட்டும் இழுபறி என்றால் அது வேறு கதை. ஸ்பீடு டெஸ்ட் பக்கத்திலிருக்கும் சர்வரை எடுத்துப் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறக்கும். ஒற்றை டவுன்லோடு அப்படியல்ல. ஒப்புதல் வருவதற்குள் 1 மெகாபைட் வரைதான் அனுப்பலாம் என்று சர்வர் வைத்திருந்து, போய்வர 200 மில்லிசெகண்ட் ஆனால், நொடிக்கு ஐந்து தடவை, 5 மெகாபைட், அதாவது 40 மெகாபிட். உங்கள் பிளானை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த 40 மாறாது.

புகார் செய்வதாக இருந்தால் வைஃபை ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பாதீர்கள், முதல் பதிலிலேயே தள்ளிவிடுவார்கள். லேப்டாப்பை ஃபைபர் பெட்டியின் ஜிகாபிட் போர்ட்டில் நேராக மாட்டி, LinkSpeed 1 Gbps என்று காட்டும் படத்தையும் எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாக் கருவிகளையும் துண்டித்துவிட்டு, காலையில் ஒன்றும் இரவு ஒன்பதுக்கு ஒன்றுமாக மூன்று நான்கு நாள் அளந்து நேரத்தோடு அனுப்புங்கள். காலை 290, இரவு 80 என்று இருந்தால் நெரிசல், அதை அவர்கள் மேலே சரிசெய்ய வேண்டும். இரண்டு வேளையும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் பிளான் சரியாகப் பதிவாகவில்லை, அல்லது மாத டேட்டா அளவைத் தாண்டி வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஆகவே, அனுப்புவதற்கு முன் கணக்குப் பக்கத்தில் டேட்டா எவ்வளவு மீதம் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.