மூடியிருந்தும் எலி வருகிறதே: குப்பைத்தொட்டி பற்றிய கேள்வி பதில்

எலிக் கட்டுப்பாட்டு வேலையில் பல ஆண்டுகள் இருந்த நம் உறுப்பினர் பதிலளிக்கிறார்.

சிராங்கூன் கார்டன்ஸ், தரைவீட்டுக்காரர்: சக்கரத் தொட்டியின் மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனாலும் காலையில் பைகள் கிழிந்து கிடக்கின்றன. எப்படி?

தொட்டியைச் சாய்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். கழுவிய நீர் வடிவதற்காக அங்கே ஒரு துளையும் அதற்கு ஒரு அடைப்பானும் இருக்கும். பல வீடுகளில் அடைப்பான் எப்போதோ விழுந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ 2 செ.மீ. இடைவெளி இருந்தாலே சாக்கடை எலி நுழைந்துவிடும். நான் பார்த்த ஒரு வீட்டில் மூடியின்மேல் செங்கல் வைத்திருந்தார்கள். துளையின் விளிம்பிலோ பல் பதிந்த வெள்ளைக் கீறல்கள் இருந்தன. இரவில் தொட்டிக்குள் கைவிளக்கை வைத்து மூடினோம். அடியிலிருந்து ஒளி தரையில் விழுந்தது. அடைப்பான் கிடைக்கும்வரை, 6 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலையை உட்புறமாகத் திருகாணியால் பொருத்தினோம். துணியைத் திணித்து அடைத்தால், அதை ஒரே இரவில் இழுத்துப் போட்டுவிடும்.

பிடோக் வாசகி: ஓரடி உயர இரும்புத் தாங்கியில் வைத்தால் எலியால் ஏற முடியாது அல்லவா?

தாங்கி வேண்டும் என்பது சரி, ஆனால் காரணம் வேறு. சாக்கடை எலி ஓரடிக்கு மேலும் தாவும், சொரசொரப்பான சுவரில் ஏறவும் செய்யும். ஓரடி உயர்த்துவதால் அடியில் இருட்டான பதுங்கிடம் இல்லாமல் போகிறது, சிந்தியதைப் பெருக்கவும் முடிகிறது. ஆகவே தாங்கியைச் சுவரிலிருந்தும் ஓரடி தள்ளி வையுங்கள். அதன் அடியில் பழைய பூந்தொட்டிகளை அடுக்கினால் உயர்த்தியதில் பயனில்லை.

ஈசூன் வாசகர்: என் தொட்டிக்கும் மூடி உண்டு, அண்ணே. அடுப்படி மேடையில் தினமும் சிறு கரிய எச்சம் கிடக்கிறது. முனை வெள்ளையாக இருக்கிறது. எலி விஷம் வைக்கட்டுமா?

வேண்டாம். வெள்ளை முனை உள்ளது பல்லியின் எச்சம். எலி எச்சத்தில் அது இருக்காது.

தோ பாயோ வாசகி: எங்கள் வீவக புளோக்கில் மாடிக்கு ஒரே பொதுக் குப்பைக்குழாய்தான். காலையில் வேலைக்குப் போகும்போது போட்டால் போதாதா?

எலிகள் மிகுதியாக இரைதேடுவது இரவில்தான். இரவுச் சாப்பாட்டு மிச்சம் பின்கட்டில் விடியும்வரை இருப்பதுதான் ஆபத்து. மீன்குழம்புச் சட்டியை வழித்து, நீரை வடித்து, பையை முடிச்சிட்டு, படுக்கும் முன்பே குழாயில் போட்டுவிடுங்கள். பை பெரிதாக இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள், சிக்கிக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் தேங்கும்.

அதே வாசகி: நான் போட்டாலும், பக்கத்து வீட்டார் பையைக் குழாய் வாயருகே தரையில் வைத்துவிடுகிறார்களே?

முதலில் அவர்களிடம் நேரில் பேசுங்கள். தொடர்ந்தால் படத்துடன் OneService செயலி வழியாகத் தெரிவியுங்கள். அது நிற்கும்வரை அந்த மாடிக்கு எலி வருவதை உங்கள் மூடி மட்டும் தடுக்காது.