அக்காவுக்கு ஒன்று, அதிகாரிக்கு ஒன்று

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரருக்கு நான் அனுப்பும் மின்னஞ்சல்கள் "அக்கா," என்று தொடங்கும். முடிப்பு என்று எதுவும் இருக்காது. போன வாரம் எங்கள் நிறுவனத்தின் உரிமத்தைப் புதுப்பிப்பது பற்றி, முன்பின் தெரியாத ஓர் அதிகாரிக்கு எழுத வேண்டியிருந்தது. "அன்புள்ள சார்" என்று தொடங்கி, "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, அன்புடன்" என்று முடித்தேன். அக்காவுக்கும் நகல் போட்டேன். பதில் வந்தபோதுதான் அந்த அதிகாரி ஒரு பெண் என்று தெரிந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் தலையில் அடித்துக்கொண்டார். யாருக்கு எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது? இந்த வாரம் அவருக்கு மறுபடி எழுத வேண்டும்.

தங்கள் வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

முடிவிலிருந்தே தொடங்குகிறேன், சிக்கல் அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது. ஒரே கடிதத்தை மூன்று பேர் முடித்துவைத்ததுபோல் இருக்கிறது. "இப்படிக்கு" என்பது யாரிடமும் எந்த உறவும் கொண்டாடாத சொல். மேலே சொன்னது இப்படி, இதைச் சொன்னவர் கீழே இருக்கிறார் என்று காட்டுவதோடு அதன் வேலை தீர்ந்தது. அதனால்தான் விண்ணப்பத்துக்கும் பொருந்துகிறது, புகாருக்கும் பொருந்துகிறது. "தங்கள் உண்மையுள்ள" ஆங்கிலக் கடித மரபிலிருந்து வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் வழக்கத்தில் பெயர் தெரியாதவருக்கு 'டியர் சார்' என்று எழுதினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடிப்பார்கள்; பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. அங்கே அது ஒரு ஜோடிக் கணக்கு. நாம் அந்த ஜோடியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லா இடத்திலும் ஒட்டுகிறோம். மூன்றாவதாக வரும் "அன்புடன்" தெரிந்தவர்களுக்கானது. முதல் சொல் தூரத்தில் நிற்கிறது, இரண்டாவது கைகட்டி நிற்கிறது, மூன்றாவது தோளில் கை போடுகிறது. ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத அதிகாரிக்கு "இப்படிக்கு" மட்டும் போதும்.

பள்ளி விடுப்புக் கடிதத்தில் பழகிய "தங்கள் கீழ்ப்படிந்த" இன்னும் சிலர் கையில் தானாக வந்து விழுகிறது. மாணவர் ஆசிரியருக்கு எழுதியது அது. உரிமம் புதுப்பிக்கக் கேட்பவர் அந்த அதிகாரிக்குக் கீழ்ப்படிந்தவர் அல்ல.

இனி தொடக்கம். "அன்புள்ள சார்" என்பதில் "சார்" மட்டும்தான் தவறு என்று அக்கா நினைத்திருப்பார். எனக்கு "அன்புள்ள"வும் இடிக்கிறது. ஆங்கிலத்தில் 'டியர்' தேய்ந்து தேய்ந்து கடிதம் தொடங்குவதற்கான ஓர் அடையாளமாகிவிட்டது. தமிழில் அன்பு இன்னும் அவ்வளவு தேயவில்லை. முகம் தெரியாதவரிடம் அதை வைத்தால் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டதுபோல் இருக்கும். பழக்கத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம். "மதிப்பிற்குரிய" பாதுகாப்பானது. அதை "மதிப்பிற்க்குரிய" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ற் என்ற மெய்க்குப் பக்கத்தில் இன்னொரு மெய் ஒட்டி நிற்காது. மரியாதைச் சொல்லிலேயே பிழை இருந்தால் மரியாதை கொஞ்சம் நொண்டும்.

ஆணா பெண்ணா என்று தெரியாதபோது பலரும் "ஐயா / அம்மா" என்று சாய்கோடு போடுகிறார்கள். தவறில்லை. ஆனால் அச்சடித்த படிவத்தில் பொருந்தாததை அடிக்க மறந்ததுபோல் தெரியும். தமிழிலேயே இதைவிட நல்ல வழி இருக்கிறது. நம் மரியாதைப் பன்மைக்குப் பால் கிடையாது. "அவர்கள்", "வந்தார்", "கேட்டிருந்தீர்கள்" எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். ஆகவே பெயர் தெரியாவிட்டால் பதவியைப் பிடியுங்கள்: "உரிமப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்." பெயர் தெரிந்து பால் தெரியாவிட்டால், உதாரணமாக மதி என்று மட்டும் இருந்தால், "மதிப்பிற்குரிய மதி அவர்களுக்கு" என்று எழுதலாம். திருமதியா செல்வியா என்ற ஆராய்ச்சியும் வேண்டாம். முன்னொட்டு கட்டாயம் வேண்டும் என்றால் "திருமிகு" என்று இருபாலருக்கும் பொதுவாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. "மதிப்பிற்குரிய உயர்திரு ஐயா அவர்களே" என்று அடுக்காதீர்கள். முன்னால் ஒன்று, பின்னால் "அவர்கள்", அவ்வளவுதான். "மாண்புமிகு" அமைச்சர்கள், நீதிபதிகள் போன்றோருக்கு உரியது. பிரிவு அலுவலருக்கு அதைப் போட்டால் அவருக்கே கூச்சமாக இருக்கும், அல்லது கிண்டலோ என்று சந்தேகம் வரும்.

தொடக்கத்தையும் முடிப்பையும் சரிசெய்துவிட்டு நடுவை மறந்துவிடுவதும் உண்டு. உங்கள் கடிதத்தையே மாதிரியாக எடுத்திருப்பேன், ஆனால் அதில் "நீங்கள்", "உங்கள்" எதுவும் வராமல் தப்பித்துவிட்டீர்கள்! "தாங்கள்" என்று தொடங்கினால் தங்களுடைய, தங்களுக்கு, தங்கள் என்று கடைசி வரை அதிலேயே போக வேண்டும். பெரும்பாலும் என்ன நடக்கிறது? முதல் வரியில் "தாங்கள் கேட்டிருந்த ஆவணங்கள்", மூன்றாவது வரியில் "உங்க பதில் வந்ததும்", கையெழுத்துக்கு மேலே "தங்கள்". படிப்பவருக்கு மாதிரிக் கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டிய வரி எது, நீங்களாக எழுதிய வரி எது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். முழுக்க "நீங்கள்" என்று எழுதினாலே போதும் என்பது என் எண்ணம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, கடைசி வரை காப்பாற்றுவதும் எளிது.

சரி, நகல் விஷயத்துக்கு வருவோம். ஒரே மின்னஞ்சலை அக்காவும் அதிகாரியும் படிக்கிறார்கள் என்றால், படிப்பவர்களில் யார் உங்களுக்கு மிகத் தூரமானவரோ அவருக்கு ஏற்றபடிதான் நடை இருக்க வேண்டும். விளிப்பு, பெறுநர் இடத்தில் இருப்பவருக்கு மட்டும். நகலில் இருப்பவரைக் கூப்பிட வேண்டியதில்லை. உள்ளே அக்காவைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் அவர் "அக்கா" அல்ல, "எங்கள் கணக்குப் பிரிவு அலுவலர்". அவருக்குச் சொல்ல வேண்டியதைத் தனியாக ஒரு வரியில் அனுப்பிவிடுங்கள்: "அக்கா, அனுப்பிட்டேன். ரசீது எண் சரியான்னு மட்டும் பாருங்க." அதில் விளிப்பு ஒரு சொல், முடிப்பு இல்லை. நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குள் கடிதம் பேச்சின் தொடர்ச்சிதான். ஒவ்வொரு முறையும் வணக்கம் சொல்லி விடைபெறுவது வினோதமாக இருக்கும்.

இங்கே எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் உண்டு. நானே செய்திருக்கிறேன். பல வருடம் வாடா போடா என்று பேசிய நண்பர் ஒருவர் பதவி உயர்ந்தார். அந்த வாரம் அவருக்கு அனுப்பிய அலுவல் மின்னஞ்சலை "மதிப்பிற்குரிய" என்று தொடங்கி "இப்படிக்கு" என்று முடித்தேன். மரியாதை செய்வதாக நினைப்பு. பத்து நிமிடத்தில் தொலைபேசி: "என்னடா கோபம் உனக்கு?" நெருங்கியவரிடம் நடை திடீரென்று ஏறினால் அவர் அதை மரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை, கதவைச் சாத்தியதாக எடுத்துக்கொள்கிறார். நாளைக்கு அக்காவுக்குத் தனியாக ஒரு முறையான மின்னஞ்சல் அனுப்ப வேண்டி வந்தால், அது கோப்பில் சேர வேண்டியது என்று முன்கூட்டியே வாயால் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது கடிதங்களில் எவ்வளவு இறங்கலாம் என்று பலர் கேட்பார்கள். எதிராளி ஒரு படி இறங்கிய பிறகு நீங்களும் அதே ஒரு படி இறங்கலாம், அதற்குமேல் வேண்டாம். அதிகாரி "வணக்கம்" என்று மட்டும் தொடங்கி "நன்றி" என்று முடித்திருந்தால் அடுத்த முறை "மதிப்பிற்குரிய" தேவையில்லை. ஆனால் அவர் வெறும் பெயரோடு கையெழுத்திட்டார் என்பதால் "வணக்கம் மதி" என்று எழுதும் உரிமை வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தமிழில் பெரியவரைப் பெயர் சொல்லி அழைப்பது இன்னும் பலர் காதில் உறுத்துகிறது. பெயரே இல்லாமல் "வணக்கம்." என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டு விஷயத்துக்குப் போங்கள். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம் என்றிருக்கும்போது எனக்குத் தெரிந்து இதைவிடக் கைகொடுக்கும் சொல் இல்லை.

இப்போது நீங்கள் அனுப்ப வேண்டிய கடிதம். அவர் பெண் என்று தெரிந்துவிட்டதால் "அம்மா" என்று விளிக்கலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> உரிமப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,
>
> வணக்கம். உரிமப் புதுப்பிப்பு தொடர்பாக நீங்கள் கேட்டிருந்த இரண்டு ஆவணங்களை இத்துடன் இணைத்துள்ளேன். கட்டண ரசீதை எங்கள் கணக்குப் பிரிவு அலுவலர் சரிபார்த்துள்ளார். அவருக்கும் நகல் அனுப்பியுள்ளேன். வேறு ஏதேனும் தேவைப்பட்டால் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> நன்றி.
>
> இப்படிக்கு,
> (முழுப் பெயர்)
> (பதவி, நிறுவனம்)
> (தொலைபேசி எண், விண்ணப்ப எண்)

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். அக்காவுக்கு உங்கள் பெயரின் முதல் எழுத்துகூடத் தேவையில்லை. தெரியாத அதிகாரிக்கு நீங்கள் யார் என்பது அந்த முடிப்பில் மட்டும்தான் இருக்கிறது. "இப்படிக்கு" அழகாக இருந்து விண்ணப்ப எண் இல்லாவிட்டால் அவர் கோப்பைத் தேடி அலைய வேண்டும். "நன்றி"யையும் இப்படித் தனியாக விடுவதே நல்லது. "முன்கூட்டிய நன்றி" என்றால், செய்யப்போகிறார் என்று நீங்களே முடிவுகட்டிவிட்டதாகத் தொனிக்கும்.

போன கடிதத்தில் "சார்" என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அவர் பொருட்படுத்தாமல் விட்டதை நீங்கள் திரும்ப எடுத்துவைத்தால், அவர் அதற்கும் ஒரு பதில் எழுத வேண்டிவரும். சரியான விளிப்போடு அடுத்த கடிதம் போனாலே அவருக்குப் புரிந்துவிடும்.

அன்புடன்