காய்ச்சலை ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, 21 நாட்களுக்கு ஒரு முறை கீமோ ஏறுகிறது. இரண்டு முறை முடிந்திருக்கிறது. நாங்கள் இருப்பது கும்பகோணத்தில், சிகிச்சை திருச்சியில். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அண்ணன் பெங்களூரில் இருக்கிறார்.

ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையும் எனக்குத் தேர்வு முடிவு போல இருக்கிறது. இந்த முறை 11-ஆம் நாள் எடுத்ததில் வெள்ளணு 1,800, நியூட்ரோஃபில் 30 சதவீதம், ஹீமோகுளோபின் 9.2, தட்டணு 1,10,000. முதல் கீமோவுக்குப் பிறகு வெள்ளணு 2,400 இருந்தது. ரிப்போர்ட்டை அனுப்பியதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு குறைந்துவிட்டது?" அண்ணி, "சத்தாகத்தானே சமைத்துப் போடுகிறாய்?" என்றார். மாதுளை, பீட்ரூட், ஆட்டு ஈரல் எல்லாம் கொடுக்கிறேன். சித்தி பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்கிறார். கொடுக்காததால்தான் இறங்கியது என்று ஊர் முழுக்கச் சொல்கிறார். மருத்துவரிடம் கேட்டால், "எதிர்பார்த்ததுதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்.

ராத்திரி விழிப்பது நான். அம்மாவுக்கு அந்த ரிப்போர்ட்டுக்கு முந்தின இரவு உடம்பு கொஞ்சம் சுட்டது, 100.6 இருந்தது, ஒரு பாராசிட்டமால் கொடுத்ததும் விடிவதற்குள் அடங்கிவிட்டது, சொன்னால் அடுத்த கீமோவை நிறுத்திவிடுவார்கள் என்று அம்மாவும் வேண்டாம் என்றார். இதையெல்லாம் பார்ப்பது யார்? அண்ணனுக்கு எண் மட்டும் வேண்டும். நான் என்ன செய்தாலும் குறை. எண் ஏறவில்லையென்றால் என்மேல்தான் பழி. இந்தக் கோபத்தை எப்படி அடக்குவது என்று சொல்லுங்கள்.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தைப் படித்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னதை, உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன். அண்ணன், அண்ணி, சித்தி மூவரைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வாக்கியத்தில் ஒரு காய்ச்சல் வந்து போகிறது. அந்த வாக்கியத்தைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை.

நான் மருந்து எழுதும் மருத்துவர் இல்லை. புற்றுநோய்ப் பிரிவில் நோயாளிகளோடும் குடும்பத்தாரோடும் பேசுவது என் வேலை. அங்கே பல காலமாகப் பார்த்துவரும் ஒன்றை உங்களிடமும் பார்க்கிறேன். பயப்பட வேண்டாத இடத்தில் உயிரை விட்டுக்கொண்டு, பயப்பட வேண்டிய இடத்தைச் சத்தமில்லாமல் கடந்துவிடுகிறீர்கள்.

முதலில் அந்த எண்கள். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுநோய்ச் செல்லும் வேகமாகப் பெருகுவது, ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான். ரத்தத்துக்குள் வந்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள்தான். அதனால் மஜ்ஜையில் உற்பத்தி தடைப்பட்டதும் முதலில் அடிவாங்குவது அது. தட்டணு பத்து நாள் போல இருக்கும். சிவப்பணு நான்கு மாதம் வாழும் என்பதால் ஹீமோகுளோபின் மெதுவாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அம்மாவுக்குப் போடுவது போன்ற பெரும்பாலான கீமோவில் மருந்து ஏறிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் எண்கள் அடிமட்டத்தைத் தொடும், பிறகு மூன்றாவது, நான்காவது வாரத்தில் மேலே வரும். 11-ஆம் நாள் என்பது கிட்டத்தட்ட அந்தப் பள்ளத்தின் அடி. மருத்துவர் "எதிர்பார்த்ததுதான்" என்று சொன்னது அலட்சியத்தில் அல்ல என்றே நினைக்கிறேன். எந்த நாள் எவ்வளவு இறங்கும் என்று அவருக்குத் தெரியும். அதை இரண்டு நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இறக்கத்துக்கும் உங்கள் சமையலுக்கும் சம்பந்தமே இல்லை. மஜ்ஜை மருந்தால் அடங்கியிருக்கும்போது ஈரலோ மாதுளையோ நியூட்ரோஃபிலை ஏற்றாது. அம்மாவுக்குப் பிடித்தால் மாதுளை கொடுங்கள், ஈரலை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். பப்பாளி இலைச் சாறு வேண்டாம். பச்சையாக அரைத்த இலையில் ஒட்டியிருக்கும் கிருமியைச் சமாளிக்க இந்த நாட்களில் அம்மாவின் உடம்பில் ஆள் பலம் இல்லை. சித்தியிடம், "மருத்துவமனையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்று சொல்லி முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வாதாட வேண்டாம்.

இனி நீங்கள் அண்ணனுக்கு அனுப்பிய ரிப்போர்ட்டை வேறு விதமாகப் படிப்போம். வெள்ளணு 1,800 என்பது மொத்தக் கணக்கு. கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில் அதில் 30 சதவீதம். 1,800-ஐ 30-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 540. அண்ணனும் நீங்களும் 2,400 ஏன் 1,800 ஆனது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். பார்க்க வேண்டிய எண் அந்த 540. சாதாரணமாக இது 1,500-க்கு மேல் இருக்கும். 1,000-க்குக் கீழே போனால் எச்சரிக்கை, 500-க்குக் கீழே போனால் தொற்று வரும் அபாயம் மிக அதிகம். அம்மா அந்த விளிம்பில் நிற்கும்போதுதான் 100.6 வந்திருக்கிறது.

நியூட்ரோஃபில் இவ்வளவு குறைவாக இருக்கும்போது தொற்று வழக்கமான அடையாளங்களைக் காட்டாது. சீழ் என்பதே பெருமளவு நியூட்ரோஃபில்தான். அது இல்லாதபோது புண் சீழ் பிடிக்காது, சளி கட்டாது, வீக்கம்கூடத் தெரியாமல் போகும். பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் மிஞ்சும் அடையாளம். வாயிலும் குடலிலும் எப்போதும் இருக்கும் சொந்தக் கிருமியே ரத்தத்தில் புகுந்துவிடலாம். புகுந்தால் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரியக்கூடும். பாராசிட்டமால் காய்ச்சலை மட்டும் இறக்கும், கிருமியைத் தொடாது. விடிவதற்குள் அடங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அடங்கியது தெர்மாமீட்டர். உள்ளே என்ன நடந்தது என்று அந்த இரவு யாருக்கும் தெரியாது. இந்த முறை தப்பியது நல்ல காலம்.

அதனால் கீமோ நடக்கும் காலம் முழுவதும் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், என்பதுதான் உங்கள் கோடு. புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வையுங்கள், சூடாக எதுவும் குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்து. அக்குளில் வைத்தால் குறைவாகக் காட்டும். 100.4-ஐத் தொட்டால் மாத்திரை கொடுக்காமல், இரவு எந்நேரமானாலும் மருத்துவமனையை அழைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். காய்ச்சலே இல்லாமல் உடம்பு நடுங்கினாலும், தலைசுற்றி விழப் பார்த்தாலும், பேச்சு குழம்பினாலும் அப்படித்தான்.

அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக, "கீமோ போட்டு இத்தனையாவது நாள், காய்ச்சல் இவ்வளவு" என்று சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் என்றால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டிய நிலை இது. திருச்சி உங்களுக்குப் பக்கம் இல்லை. எனவே கும்பகோணத்திலேயே எந்த மருத்துவமனையில் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம் என்று உங்கள் மருத்துவக் குழுவிடம் இப்போதே கேட்டு, கீமோ அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

ரிப்போர்ட்டைப் பார்த்து அழைக்க வேண்டிய எண்கள் சிலவும் உண்டு. நியூட்ரோஃபில் கணக்கு 500-க்குக் கீழே இருந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றே தெரிவியுங்கள். தட்டணு 20,000-க்குக் கீழே போனாலும், 50,000-க்குக் கீழே இருந்து ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தாலும், காலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலும், மலம் கறுத்தாலும் அழையுங்கள். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இறங்கினாலும் அழையுங்கள். எண் எவ்வளவு இருந்தாலும் உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே கிளம்புங்கள். உங்கள் மருத்துவமனை வேறு எண்களைக் கொடுத்திருந்தால் அவையே செல்லும். இந்தக் கணக்கில் அம்மாவின் 1,10,000 தட்டணுவும் 9.2 ஹீமோகுளோபினும் இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியவை அல்ல.

சரி, இவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் நீங்கள் ஏன் அந்த இரவு அழைக்கவில்லை? அம்மா வேண்டாம் என்றார் என்பது ஒரு காரணம். இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் நீங்கள் எழுதிய தேர்வாக எடுத்துக்கொள்கிறீர்கள். காய்ச்சல் வந்தது என்று சொன்னால் அதிலும் தோற்றதாகிவிடும். பழி பேசுகிறவர்களுக்கு இன்னொன்றைக் கையில் கொடுக்க நீங்கள் விரும்பவில்லை. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தின் விலையை அம்மாவின் உடம்பு கொடுக்கிறது. இதில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது.

அம்மாவின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். காய்ச்சலைச் சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிட மாட்டார்கள். ஒரு வாரம் தள்ளிப்போகலாம், அது மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம். காய்ச்சல் வந்தது தெரிந்தால், அடுத்த கீமோவுக்கு மறுநாள் வெள்ளணுவைத் தூண்டும் ஊசியைப் போடலாமா, மருந்தின் அளவைக் கொஞ்சம் மாற்றலாமா என்று யோசிப்பார்கள். தெரியாவிட்டால் அதே அளவு, அதே பாதுகாப்பின்மையோடு மூன்றாம் முறையும் ஏறும். அம்மா ஒளித்து வைப்பது அவருக்கே வர வேண்டிய ஊசியைத்தான். இதை அவருக்கு நீங்கள் சொல்வதைவிட அங்குள்ள செவிலியர் சொன்னால் கேட்பார்.

அண்ணனைப் பற்றி ஒன்று. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி "எவ்வளவு?" என்பதாக இருக்கலாம். அதை நீங்கள் குற்றச்சாட்டாகவே கேட்கிறீர்கள். இனி ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பாமல், நியூட்ரோஃபிலை மேலே உள்ளபடி கணக்கிட்டு அந்த ஒரு எண்ணையும், கீமோவின் எத்தனையாவது நாள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். இரவில் காய்ச்சல் வந்தால் வாடகைக் காரை வரவழைப்பதும், மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்வதும் அவர் பொறுப்பு என்று இன்றே பேசி முடிவு செய்யுங்கள். பெங்களூரிலிருந்து செய்யக்கூடிய வேலைதான் அது. அவர் அதையும் தட்டிக்கழித்தால் அப்போது எனக்கு எழுதுங்கள், உங்கள் கோபத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

மூன்றாவது கீமோவுக்கு முன் ரத்தம் பார்க்கும்போது, பொதுவாக நியூட்ரோஃபில் 1,500-க்கும் தட்டணு ஒரு லட்சத்துக்கும் மேல் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில இடங்களில் இதைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் போடுவார்கள். அன்று மருத்துவர் ரிப்போர்ட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "10-ஆம் நாள் இரவு 100.6 இருந்தது, பாராசிட்டமால் கொடுத்தோம்" என்று சொல்லிவிடுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள்.