650 ரூபாய் ரெயின்கோட்: துணி தாங்கியது, கவட்டைத் தையல் விட்டது

கேள்வி: தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். போன மழைக்கு 700 ரூபாயில் கோட்டும் பேண்ட்டுமாக ஒரு ரெயின்கோட் வாங்கினேன். ஒரே மாதத்தில் உட்காரும் இடம் நனைய ஆரம்பித்துவிட்டது. மலிவு என்றாலே இப்படித்தானா, இல்லை பார்த்து வாங்கினால் ஒரு சீசன் ஓட்டலாமா? கையில் இருப்பதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: தார்ப்பாய், பை, ரெயின்கோட் தைக்கும் ஒரு சிறு பட்டறையில் 11 வருஷம் இருந்தவன் நான். இருந்தும் 2024 மழைக்கு வேண்டுமென்றேதான் ஒரு மலிவு ரெயின்கோட் வாங்கினேன். விலை 650 ரூபாய். பாலியஸ்டர் துணி, உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு, தையல் மேல் டேப். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து டிசம்பர் கடைசி வரை அதைத்தான் போட்டேன். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஒரு பக்கம் சுமார் 16 கிலோமீட்டர், மழை நாளில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. நனைந்துகொண்டு ஓட்டிய ஒவ்வொரு நாளும் எங்கே ஈரம் என்று ஒரு பழைய டைரியில் குறித்து வைத்தேன்.

முதலில் விட்டது நீங்கள் சொல்லும் அதே இடம்தான், மூன்றாவது வாரத்தில். அது ஏன் என்று புரிந்துகொண்டால் உங்கள் மூன்று கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும்.

என் கோட்டின் லேபிளில் 2,000 மி.மீ. என்று போட்டிருந்தது. துணியின் மேல் 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று அர்த்தம். கேட்க ரொம்பப் பெரிதாக இருக்கிறது, இல்லையா? இப்போது ஒருவர் வண்டியில் உட்காருவதைக் கணக்குப் போடுங்கள். 65 கிலோ ஆள், சீட்டில் அழுந்தும் பரப்பு ஏறக்குறைய 650 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் அழுத்தம். தண்ணீர்க் கணக்கில் அது 1 மீட்டர் உயரம், அதாவது 1,000 மி.மீ. எலும்பு அழுந்தும் இடத்தில் இதைவிடக் கூட இருக்கும். ஆனாலும் துணி தாங்கிவிடும். என் பேண்ட்டில் துணி கடைசி வரை தாங்கத்தான் செய்தது.

தாங்காதது தையல். முன்னால் இடுப்பிலிருந்து கவட்டை வழியாகப் பின்னால் வரை போகும் தையல் சுமார் 60 சென்டிமீட்டர். அங்குலத்துக்கு 8 தையல் என்றால் அந்த ஒரு கோட்டில் மட்டும் கிட்டத்தட்ட 190 ஊசித்துளை. துளைக்கு 2,000 மி.மீ. ஏது? அதை அடைப்பதற்காகத்தான் உள்பக்கம் சூட்டில் ஒட்டும் டேப் போடுகிறார்கள். கவட்டையில் நான்கு துண்டுகள் ஒரே இடத்தில் கூடுவதால் அங்கே தையல் தடித்து மேடு தட்டியிருக்கும். அந்த மேட்டின் மேல் டேப் பாலம் மாதிரி நிற்குமே தவிர, இரண்டு ஓரத்திலும் படிந்து ஒட்டாது. அப்புறம் தினமும் ஏறி இறங்கும்போது சீட் உரசுகிறது. மழையில் ஓட்டும்போது மடியில் வழிகிற தண்ணீர் எல்லாம் கவட்டைக்கு முன்னால் சின்னக் குட்டையாகத் தேங்குகிறது. ஒட்டாத டேப், உரசல், தேங்கிய தண்ணீர், மேலே உட்கார்ந்த ஆள். விடாமல் என்ன செய்யும்?

பேண்ட் உங்கள் உடம்புக்குச் சின்னதாக இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நிற்கும்போது சரியாக இருப்பது, கால் மடக்கி உட்காரும்போது பின்பக்கம் இழுபடும். இழுபட்டால் ஊசித்துளை ஒவ்வொன்றும் வாய் திறக்கும். ரெயின்கோட் பேண்ட்டை உங்கள் அளவுக்கு ஒரு சைஸ் கூட வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை. உள்ளே ஈரமாக இருக்கிறது என்பதற்காக ஒழுகுகிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். என் டைரியில் முதல் பத்து நாளும் "முதுகு ஈரம், முழங்கை ஈரம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அத்தனையும் வியர்வை. காற்று போகாத பூச்சு, சென்னைப் புழுக்கம், சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டி, வேறென்ன ஆகும்? ஈரம் பரவலாக, பிசுபிசுப்பாக, முதுகிலும் அக்குளிலும் இருந்தால் அது உங்கள் உடம்புத் தண்ணீர். ஒழுகல் கோடாக வரும், தையல் போகும் வழியிலேயே வரும். சந்தேகம் தீரவில்லை என்றால் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். பேண்ட்டை உள்வெளியாகத் திருப்பி, இடுப்போடு இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிப் பிடியுங்கள். கவட்டைப் பகுதி பை மாதிரித் தொங்க வேண்டும். அதற்குள் ஒரு சாண் ஆழத்தில் பாதி, சுமார் 10 சென்டிமீட்டருக்குத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். இந்த 10 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம் நீங்கள் உட்காரும் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். இதற்கே வெளியே முத்து முத்தாகத் துளி நின்றால், வண்டியில் நிச்சயம் நனைவீர்கள். துளி வரும் இடத்தில் பேனாவால் குறி போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் தேட வேண்டாம்.

மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான் வந்தன. மணிக்கட்டில் வெளி எலாஸ்டிக் மட்டும் இருந்ததால் எதிர்க்காற்று தண்ணீரைக் கைக்குள் ஏற்றியது. இது முதல் நாளிலிருந்தே இருந்த குறை, பழுது என்று சொல்ல முடியாது. ஆறாவது வாரம் ஜிப்பை மூடும் பட்டையிலிருந்து ஒரு பிரஸ் பட்டன் துணியோடு பிய்ந்து வந்தது. பின்னால் கனத்த துணி வைக்காமல் ஒற்றைத் துணியில் பட்டனை அடித்திருந்தார்கள். இரண்டு ரூபாய்த் துண்டுத் துணியில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அந்தப் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல! பட்டன் போனதும் பட்டை காற்றில் தூக்கியது, ஜிப் வழியாக நெஞ்சு நனைந்தது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நவம்பர் 30 அன்று வீட்டைவிட்டு வெளியே போகவில்லை, அதனால் அந்தச் சோதனைக்கு என் கோட் தப்பித்தது. டிசம்பரில் பையின் வார் உரசும் தோள்பட்டையில் பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் பூச்சி அரித்த மாதிரித் தெரிந்தது. அதை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. தேய்ந்த பூச்சுக்கு மேல் எதைத் தடவினாலும் இரண்டு மழைக்கு மேல் நிற்காது. பையைக் கோட்டுக்குள் மாட்டுவதோ வண்டியின் கால் வைக்கும் இடத்தில் வைப்பதோதான் வழி.

சரி, கையில் இருப்பதை எப்படிச் சரிசெய்வது? முதலில் உங்கள் கோட் எந்த வகை என்று பாருங்கள். கனமாக, ரப்பர் மாதிரி வழவழப்பாக, புது பொம்மை வாசனை அடித்தால் அது பி.வி.சி. அதன் மேல் இஸ்திரிப்பெட்டியே வைக்கக் கூடாது, உருகி ஒட்டிக்கொள்ளும். அதற்கு அதே பி.வி.சி. துண்டும் பி.வி.சி. ஒட்டும் பசையும்தான். லேசாக, வெளியே சாதாரணத் துணி போலவும் உள்ளே மெல்லிய பளபளப்போடும் இருந்தால் பாலியூரித்தேன் பூச்சாக இருக்கும். நான் செய்தது இந்த வகைக்கு.

பழைய டேப்பைக் கவட்டையின் இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரம் வரை உரித்தேன். வருவது மட்டும் வரட்டும் என்று விட்டேன், கெட்டியாக ஒட்டியிருப்பதை வம்பாக இழுத்தால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, கடைசியாக ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்த டேப்பும் நிற்காது. சூட்டில் ஒட்டும் தையல் டேப் ஆன்லைனில் கிடைக்கிறது, 2 சென்டிமீட்டர் அகலம் போதும். முக்கியமான வேலை அந்த மேட்டில்தான். நீளவாக்கில் ஒரே டேப்பாக இழுக்காமல், முதலில் குறுக்குத் தையலின் மேல் சின்னத் துண்டு ஒன்றை ஒட்டி மேட்டை மூடிவிட்டு, அதன் மேல் நெடுந்தையலுக்கான டேப்பை ஒட்டினேன். இஸ்திரிப்பெட்டி ஆகக் குறைந்த சூட்டில், நடுவில் ஒரு பருத்திக் கைக்குட்டை, தேய்க்காமல் அழுத்தி எடுக்க வேண்டும். டேப்பின் ஓரம் லேசாகக் கண்ணாடி மாதிரி ஆனால் பசை இளகிவிட்டது. உடனே ஒரு எவர்சில்வர் டம்ளரின் அடிப்பக்கத்தால் அழுத்திப் பிடித்து ஆறவிடுங்கள். சூட்டில் இருக்கும்போது கையை எடுத்தால் ஓரம் தூக்கும். உடனடிப் பசை எனப்படும் சூப்பர் குளூ வேண்டாம். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி விறைத்துக்கொள்ளும், இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தால் வெடித்துவிடும்.

என் ஒட்டு நவம்பர் நடுவிலிருந்து சீசன் முடியும் வரை நின்றது. ஒரு ஓரம் மட்டும் டிசம்பரில் லேசாகத் தூக்கியது, அதையும் டம்ளர் வைத்தியம் பார்த்தேன்.

வாங்கும்போது என்ன பார்ப்பது என்றால், கடையிலேயே பேண்ட்டை உள்வெளியாகத் திருப்புங்கள். கவட்டையில் டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பாருங்கள், புதிதிலேயே கிளம்பினால் வைத்துவிடுங்கள். உட்காரும் இடத்தில் தையல் இல்லாமல் ஒரே அகலத் துண்டாகவோ, இரட்டைத் துணியாகவோ வைத்த பேண்ட் கிடைத்தால் 300, 400 ரூபாய் அதிகம் கொடுக்கலாம், தப்பே இல்லை. போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். வியர்வையை வெளியே விடும் துணி என்று சொல்லி மூன்று மடங்கு விலை கேட்டால் மட்டும் யோசியுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக, வெளிக்காற்று உள்ளிருப்பதைவிட வறண்டிருக்க வேண்டும். நவம்பர் மாதத்துச் சென்னைக் காற்றில் அந்த வித்தியாசம் குறைவு, அதனால் பலனும் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு சுருட்டி வண்டி டிக்கியில் போடாதீர்கள். மறுநாள் வெயில் அடித்தால் டிக்கிக்குள் சூடும் ஈரமும் சேர்ந்து பாலியூரித்தேன் பூச்சை மெல்லச் சிதைக்கும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான், டேப் ஒட்டக்கூட அடியில் பிடிமானம் இருக்காது. நிழலில் விரித்துக் காயவைத்து, மடிக்காமல் மாட்டி வையுங்கள். என்னுடைய மேல்கோட்டு, பிய்ந்த பட்டனுக்குப் பதில் வெல்க்ரோ தைத்து, இன்னும் ஆணியில் தொங்குகிறது. பேண்ட்டை மட்டும் தனியாக விற்கும் கடை ஒன்றைப் பாரிமுனையில் தேடிப் பிடித்து, இரட்டைத் துணி வைத்ததாக ஒன்று வாங்கிவிட்டேன்.