வாரம் ஒரு மணி நேரத்தில் பதிவுகளைத் திட்டமிடுவது எப்படி?

கேள்வி: ஆரி வேலைப்பாடு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கடையில் நானும் ஒரு உதவியாளரும்தான். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டிலும் பக்கம் இருக்கிறது, ஆனால் பதிவு போட நேரமே இல்லை. ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் கிடைக்கும். முன்கூட்டியே போட்டுவைக்க எந்தக் கருவி நல்லது? பணம் கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்த இரண்டு தளங்களுக்கும் மெட்டா நிறுவனமே இலவசமாகத் தரும் Meta Business Suite போதும். கணினியில் business.facebook.com என்ற முகவரியில் திறக்கலாம், போனில் செயலியும் உண்டு.

முதல் நாள் ஒரே ஒரு வேலை. இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றி, ஃபேஸ்புக் பக்கத்தோடு இணைத்துவிடுங்கள். இங்கே பலர் தடுமாறுவதற்குக் காரணம், தங்கள் சொந்த ஃபேஸ்புக் கணக்கையும் கடைப் பக்கத்தையும் ஒன்றென நினைப்பதுதான். இணைக்க வேண்டியது கடைப் பக்கத்தோடு.

பிறகு Planner பகுதியில் ஒரு நாட்காட்டி தெரியும். Create post அழுத்தி, இரண்டு தளங்களையும் தேர்ந்தெடுத்து, படத்தையும் வாசகத்தையும் சேர்த்து, தேதியும் நேரமும் குறித்து Schedule கொடுத்தால் முடிந்தது.

நேரத்தை விழுங்குவது இந்த அழுத்தல்கள் அல்ல. உட்கார்ந்த பிறகு படம் தேடுவதுதான். அதனால் பிளவுஸை வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன், ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு படங்கள்: முழு பிளவுஸ் ஒன்று, கைப்பகுதி வேலைப்பாடு நெருக்கத்தில் ஒன்று. போனில் தனி ஆல்பத்தில் போட்டுவையுங்கள். இதை உதவியாளரே செய்யலாம். செங்குத்தாக 4:5 அளவில் வெட்டிக்கொண்டால் (1080 × 1350 பிக்சல்), இன்ஸ்டாகிராம் கழுத்து வேலைப்பாட்டை வெட்டித் தள்ளாது.

ஞாயிறு உட்கார்ந்ததும் ஆல்பத்திலிருந்து மூன்று பிளவுஸ்களைத் தேர்ந்தெடுங்கள். வாரம் மூன்று பதிவு உங்களுக்குப் போதும்; தினமும் போட ஆரம்பித்து இரண்டாம் வாரம் நின்றுபோவதைவிட இது மேல். வாசகத்தில் கேட்பவர்கள் எப்போதும் கேட்கும் மூன்றையும் சொல்லிவிடுங்கள்: எந்தத் துணி, விலை எவ்வளவிலிருந்து, எத்தனை நாளில் கிடைக்கும். தட்டச்சு சிரமமென்றால் கூகுள் கீபோர்டில் தமிழில் பேசியே எழுதலாம். "விலைக்கு இன்பாக்ஸ்" என்று மட்டும் போட்டால், மிச்சப்படுத்திய நேரமெல்லாம் இன்பாக்ஸில் போய்விடும்.

இன்ஸ்டாகிராம் வாசகத்தில் இணைப்பை அழுத்த முடியாது, ஃபேஸ்புக்கில் முடியும். அதனால் இரண்டுக்கும் தனித்தனியாக வாசகத்தைத் திருத்தும் வசதியைப் பயன்படுத்தி, ஃபேஸ்புக்கில் மட்டும் கீழே உள்ள வாட்ஸ்அப் இணைப்பைச் சேருங்கள். இன்ஸ்டாகிராமில் அதே இணைப்பு சுயவிவரப் பகுதியில் நிலையாக இருக்கட்டும். X உள்ள இடத்தில் உங்கள் பத்து இலக்க எண்ணைப் போடுங்கள்; 91-க்கு முன் + குறியோ, உங்கள் எண்ணுக்கு முன் 0-வோ வரக்கூடாது.

```
https://wa.me/91XXXXXXXXXX
```

எதை எப்போது போடுவது என்பதில் நாட்காட்டி உண்மையாகவே உதவும். தை முகூர்த்தத்துக்கான மணப்பெண் பிளவுஸ் படங்களைத் தையில் போட்டுப் பயனில்லை. ஆர்டர் கார்த்திகையிலேயே வந்தால்தான் வேலை முடியும். அப்படியே, "தீபாவளி ஆர்டர் இந்தத் தேதியோடு நிறுத்தம்" என்ற பதிவையும் இப்போதே எழுதி, அந்தத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் வருமாறு வைத்துவிடலாம். ரொம்பத் தூரத்துத் தேதியை அது ஏற்காவிட்டால், வரைவாகச் சேமித்து பிறகு தேதி குறியுங்கள்.

குறித்த நேரத்தில் பதிவு வராமல் போவதும் உண்டு. பெரும்பாலும் ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் கடவுச்சொல்லை மாற்றியதால் இணைப்பு அறுந்திருக்கும். மறுபடி இணைத்தால் சரியாகும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக எழுதத் தொடங்குமுன் போன வாரப் பதிவுகள் மூன்றும் வெளியானதா என்று Planner-இல் ஒரு பார்வை. ரீல்ஸுக்கு நினைத்த சினிமாப் பாட்டு கிடைக்கவில்லை என்றால் அது கோளாறல்ல, வணிகக் கணக்குகளுக்குப் பாடல் உரிமை குறைவு. தையல் இயந்திரச் சத்தமோ உங்கள் குரலோ அதைவிட நன்றாகவே எடுபடும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை இதில் திட்டமிட முடியாது, அதைக் கையால்தான் போட வேண்டும். கூகுள் மேப்ஸில் தெரியும் கடைப் பக்கத்துக்கும் பதிவுகள் போக வேண்டும் என்றால் பஃபர் செயலியைப் பாருங்கள். அதன் இலவசத் திட்டத்தில் மூன்று கணக்குகளை இணைக்கலாம், ஒவ்வொன்றிலும் ஒரே சமயத்தில் பத்துப் பதிவுகள்வரை காத்திருக்கலாம். வாரம் மூன்று போடுபவருக்கு அது தாராளம்.

இன்னொன்று: ஊரில் பெரிய துக்கமோ வெள்ளமோ நேர்ந்த நாளிலும், நீங்கள் முன்பே வைத்த "கலகல கல்யாண கலெக்‌ஷன்" பதிவு தன்பாட்டுக்கு வெளியாகிவிடும். அன்று போனில் Planner-ஐத் திறந்து அந்தப் பதிவின் தேதியை ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.